யாருக்கென்று சொல்லாத ஏழு நிமிடம்

சுரேகா குனிந்து நின்று, வீரம்மாவின் வாதத்தில் விழுந்துபோன இடக்கையை முதலில் எடுத்து நெஞ்சின் மேல் வைத்தாள். பிறகு இட முழங்காலை மடித்து நிறுத்தினாள். ஒரு கையை இடத் தோளுக்குப் பின்னாலும் மற்றதை இடுப்பிலும் கொடுத்து, ஆளை இழுக்காமல், உருட்டித் தன் பக்கம் சாய்த்தாள். முதுகுக்கு ஒரு தலையணை, இரண்டு முழங்காலுக்கும் இடையில் ஒன்று, குதிக்கால்கள் மெத்தையில் படாமல் இன்னொன்று. கை ஓட ஓட வாயும் ஓடியது. யன்னல் கட்டையில் சாய்த்து வைத்த போன் அவ்வளவையும் பதிந்துகொண்டிருந்தது.

நான் வாசலோரக் கதிரையில் சத்தம் போடாமல் இருந்தேன். அன்று எனக்கு அதுதான் வேலை.

சுரேகாவை எனக்குத் தெரிய வந்தது வவுனியாவில், வீட்டுப் பராமரிப்புப் பயிற்சி வகுப்பில். அந்த வகுப்பில் ஆகக் கூடிய வயது எனக்கு. தாய் வயது என்றாலும் ஒரே வகுப்பு என்பதால் அவள் என்னை அக்கா என்றே கூப்பிட்டாள், இன்றைக்கும் அப்படித்தான். அவளுடைய பெற்றோர் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சிப் பக்கம் பிறத்தியார் வயலில் வேலை செய்தவர்கள். தாய் படுக்கையில் விழுந்தபோது சுரேகாவுக்குப் பதினாறு வயது. எப்படித் திருப்புவது என்று சொல்லித்தர ஆளில்லை. தாய்க்கு முதுகில் புண் வந்து, அது எலும்பு வரை போய், அதோடே முடிந்தது. இதை அவள் அழுது சொன்னதில்லை. வகுப்பில் முதல் நாள், ஏன் இந்த வேலைக்கு வந்தீர்கள் என்று கேட்டதற்குச் சொன்ன பதில், அவ்வளவுதான்.

பயிற்சி முடிந்து இருவரும் கண்டாவளைப் பக்கம் வீடு வீடாக வேலை செய்தோம். கலியாணம் செய்தாள், ஒரு மகள் பிறந்தாள், கணவர் செல்வராசா நெல் ஆலையில் மூட்டை ஏற்றப் போனார். பத்து வருடத்துக்கு மேல் ஆட்களைத் தூக்கி, திருப்பி, குளிக்க வார்த்து, போன வருடம் அவளுடைய முதுகு பிடித்துக்கொண்டது. வைத்தியர் எக்ஸ்றே படத்தைப் பார்த்துவிட்டு, இனித் தூக்கினால் நீர்தான் அடுத்த நோயாளி என்றாராம். அவள் அதைக் கேட்டுவிட்டு அடுத்த நாள் வேலைக்குப் போனாள். வேறு வேலை இருந்தால்தானே விடுவதற்கு.

அந்த நேரத்தில்தான் எங்களைப் பயிற்றிய நிலையம் கிளிநொச்சியில் ஒரு கிளை திறந்தது. பாடம் எடுக்க ஒரு ஆள், செய்முறை சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். செய்முறையில் பயிற்சிப் பிள்ளைகள்தான் தூக்குவார்கள், சொல்லிக்கொடுப்பவர் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும். சுரேகாவுக்கென்றே செய்து வைத்த வேலை. விண்ணப்பித்தாள். வந்த மறுமொழியில், குறித்த நாளில் வந்து ஏழு நிமிடம் பேச வேண்டும், தலைப்பு உங்கள் விருப்பம் என்றிருந்தது. யார் முன்னால் என்று இல்லை.

சுரேகா வேலையில் கெட்டிக்காரி. பேசச் சொன்னால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதனால்தான் முதலில் பேசிப் பதிந்து றிஸ்மியா மிஸ்ஸுக்கு அனுப்புவோம் என்று நான் சொன்னேன்.

றிஸ்மியா முல்லைத்தீவு ஆள். சிறு வயதில் குடும்பத்தோடு புத்தளம் போய், அங்கே படித்து, திரும்பி வந்து, இப்போது தொழிற்பயிற்சி நிலையமொன்றில் இளம் ஆட்களுக்கு நேர்முகத்தேர்வுக்குப் பேசப் பழக்குகிறார். எங்கள் வகுப்புக்கும் வந்து, நோயாளியின் நிலையைப் போனில் வைத்தியருக்கு எப்படிச் சொல்வது என்று சொல்லித்தந்தவர். படித்து முடித்துப் போனவர்களும் பேச்சைப் பதிந்து அனுப்பலாம், கேட்டுச் சொல்கிறேன் என்று அன்று சொன்னார். அப்படிச் சொல்பவர்கள் பலர். இவர் உண்மையில் கேட்பவர்.

சும்மா இருந்து பேச சுரேகாவால் முடியவில்லை. இரண்டு தரம் முயன்றாள், இரண்டு தரமும் பாதியில் நின்றது. கை வேலை செய்தால்தான் வாய் வரும் என்றாள். அதனால் வீரம்மாவிடம் சம்மதம் கேட்டு, அவரைத் திருப்பும் நேரத்திலேயே பதிந்தோம். நோயாளியின் பெயரோ முறையோ பதிவில் வரக்கூடாது என்பது எங்களுக்குப் பழக்கிய ஒழுங்கு. எப்போதும் பெரியம்மா, பெரியம்மா என்று கூப்பிடுகிறவள், அன்று அந்தச் சொல்லை வாயில் எடுக்கவேயில்லை.

வீரம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. பாரிசவாதத்தில் ஒரு பக்கம் போனாலும் அவருடைய நாக்கு நன்றாகவே வேலை செய்யும்.

"ஏன் புள்ள, இன்னைக்கு யாருகிட்ட பேசுற? என்னைய மூட்ட மாதிரி உருட்டிட்டு, போனோட பேசுற."

"செல்வராசாவின்ர மனிசிதானே, மூட்டை ஏத்திப் பழக்கம்" என்றேன் நான்.

வீரம்மா சிரித்ததில் தலையணை நகர்ந்துவிட்டது. நல்ல வேளை, அதற்குள் பதிவை நிறுத்தியிருந்தாள். பதிவை அப்படியே றிஸ்மியாவுக்கு அனுப்பினாள். கூடவே எழுதியது ஒரே ஒரு வரி: மிஸ், இதைக் கேட்டுப் பிழை சொல்லுங்கோ.

மறுமொழி அடுத்த நாள் வந்தது. எழுத்தில், நீளமாக. சுரேகா என் வீட்டுக்கு வந்து போனை நீட்டினாள். முகம் சரியில்லை. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன்.

முதலில் நல்லதைச் சொல்லியிருந்தார். குரல் தெளிவு, சொன்ன ஒழுங்கு சரி, கேட்கும்போது இந்த ஆளை நம்பலாம் என்று படுகிறது. பிறகு வேகம். தொடக்கத்தில் ஓடுகிறீர்கள். நடுவில் திடீரென்று நீண்ட மௌனம். போன் நின்றுவிட்டதோ என்று நினைத்துத் தொட்டுப் பார்த்தேன். அதன் பிறகு விட்டதைப் பிடிக்கிற மாதிரி இரட்டை ஓட்டம். மொத்தத்தில் வேகம் கூட என்பதைவிட, வேகம் சீராக இல்லை என்பதுதான் சரி. ஒவ்வொரு படியும் முடிந்த இடத்தில் ஒரு மூச்சு விடுங்கள், மௌனத்தையெல்லாம் ஒரே இடத்தில் குவிக்க வேண்டாம்.

அடுத்தது, அர்த்தமில்லாமல் வந்து விழும் சொற்கள். 'வந்து', 'என்னெண்டால்' இரண்டும் அளவாகத்தான் வருகின்றன. எல்லாரும் அப்படித்தான் பேசுகிறோம், அவற்றைத் துரத்த வேண்டாம். ஆனால் 'சரி' மட்டும் எண்ண முடியாத அளவு வருகிறது, சில இடத்தில் இரண்டு 'சரி' சேர்ந்தே வருகிறது. ஒன்றை மட்டும் குறைப்பதென்றால் அதைக் குறையுங்கள். அதன் இடத்தில் வேறு சொல் போட வேண்டாம், வாயை மூடிக்கொண்டால் போதும்.

கடைசியாகத் தெளிவு. இங்கே அவர் எழுதியதை நான் இரண்டு தரம் வாசித்தேன். இது யாருக்கான பேச்சு என்று நீங்கள் சொல்லவில்லை. அதைத் தெரியாமல் தெளிவைப் பற்றிச் சரியாகச் சொல்ல முடியாது. அதனால் இந்த வேலையைப் பற்றி எதுவும் தெரியாத, ஆனால் கவனமாகக் கேட்கிற ஒரு வளர்ந்த ஆளாக என்னை வைத்துக்கொண்டு கேட்டேன். அந்த ஆளுக்கு 'பிரஷர் சோர்' விளங்காது, வலப்பக்கம் சாய்ப்பதை 'ரைட் லெட்டரல்' என்றால் விளங்காது. 'இந்தக் கையை இப்பிடி எடுத்து அங்க வைக்கிறது' என்றால் எந்தக் கை, எப்படி, எங்கே என்று ஒன்றும் தெரியாது. கேட்கப்போவது தாதிமார் என்றால் முதல் இரண்டையும் விட்டுவிடலாம். மூன்றாவது யாருக்கும் விளங்காது. யாருக்கென்று சொன்னால் திரும்பவும் கேட்டுச் சொல்கிறேன்.

ஒரு பிழைக்கு ஒரு வரியும், அதைத் திருத்த இன்னொரு வரியுமாக எழுதியிருந்தார். தன் வேலை, வீடு, பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு மனுசி இதைக் குறைந்தது மூன்று தரம் கேட்டிருக்க வேண்டும். நான் அதைத்தான் சொன்னேன்.

சுரேகாவுக்கு அது தெரியவில்லை. அவளுக்குச் 'சரி' என்ற ஒரு சொல்தான் தெரிந்தது. "நான் சரி சரி எண்டு உளறுறனாம் அக்கா. என்னால ஏலாது. நான் போகேல்லை."

"போகாமல் என்ன செய்யப் போறாய்? முறியுமட்டும் தூக்கப் போறியோ?"

அவள் கதிரையில் ஒரு பக்கமாகச் சரிந்து இருந்தாள். அந்த இருப்பைப் பார்த்தாலே தெரியும் எங்கே நோகிறதென்று. நான் போனை வாங்கி றிஸ்மியாவுக்கு எடுத்து, சத்தத்தை வெளியே விட்டு, மேசையில் வைத்தேன். நலம் விசாரித்தோம். கொக்கிளாயிலிருந்து வந்த மீனை இப்போதுதான் வெட்டி முடித்ததாகச் சொன்னார். சுரேகா நன்றி சொன்னாள், ஆனால் குரல் இறங்கியிருந்தது. றிஸ்மியா அதைப் பிடித்துக்கொண்டார். எந்த இடம் மனதுக்குப் பிடிக்கவில்லை என்று நேராகவே கேட்டார்.

"சரி எண்டு நான் சும்மா சொல்லேல்லை மிஸ்" என்றாள் சுரேகா.

"அப்ப ஆருக்குச் சொன்னனீங்கள்?"

சுரேகா என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். படுத்திருக்கிற ஆளை அசைப்பதற்கு முன் ஒரு 'சரி'. அப்போதுதான் அந்த ஆள் பயப்படாமல், இறுகாமல் இருப்பார். அசைத்து முடிந்த பிறகு இன்னொன்று. அப்போதுதான் மூச்சை விடுவார். நீண்ட மௌனம் வந்த இடம், உருட்டும் இடம். அங்கே பேசினால் கை பிசகும்.



"அல்லாவே, பக்கத்தில ஒரு ஆள் இருந்தவவோ?" என்றார் றிஸ்மியா. "இடையில ஒரு முனகல் கேட்டது. பக்கத்து வீட்டு ரேடியோவாக்கும் எண்டு நினைச்சன்."

வீரம்மா கேட்டிருந்தால் ஒரு கிழமைக்கு வீட்டில் ரேடியோக் கதைதான்.

றிஸ்மியா தான் சொன்னதில் ஒன்றைத் திருத்தினார், ஒன்றை வைத்துக்கொண்டார். "அப்ப அது தேவையில்லாத சொல் இல்லை சுரேகா. அது அவவுக்கான சொல். நான் அதைப் பிழையா விளங்கிப்போட்டன். ஆனா கேக்கிற எனக்கு உங்கட கை தெரியாது, அவவையும் தெரியாது. நீங்கள் முழுக்க அவவோட கதைச்சிருக்கிறியள். நான் கதவுக்கு வெளியில நிண்டு ஒட்டுக் கேட்ட மாதிரி."

சுரேகா கதிரையில் நிமிர்ந்து இருந்தாள்.

பேச வேண்டிய நாளில் யார் இருந்து கேட்பார்கள் என்று நிலையத்தில் விசாரித்தீர்களா என்று றிஸ்மியா கேட்டார். இல்லை. பெரிய ஆட்கள் இருப்பார்கள் என்று சுரேகா தானாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த ஆங்கிலச் சொற்களெல்லாம் அவர்களுக்காகப் போட்டவை. விசாரித்தால், இது கூடத் தெரியாதா என்று நினைப்பார்கள் என்று பயம். எங்கள் பகுதியில் இது பெரும் வருத்தம். கந்தோர், அலுவலகம் எதற்கும் போன் எடுத்து ஒரு கேள்வி கேட்பதை, கடன் கேட்பது போல நினைக்கிறோம்.

அவள் போன் எடுக்கும்வரை நான் பக்கத்தில் நின்றேன். நிலையத்தில் யோகலிங்கம் என்ற எழுதுவினைஞர் பேசினார். நல்ல மனிதர், ஆனால் அவருக்கும் தெரியவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வருவார்கள், மற்றபடி அன்று அங்கே யார் நிற்கிறார்களோ அவர்களைப் பிடித்து இருத்துவார்கள் என்றார். ஆக, கேட்டும் தெரியவில்லை. சுரேகா அதை றிஸ்மியாவுக்குச் சொன்னாள். றிஸ்மியா கவலைப்படவில்லை. தெரியாது என்பதும் ஒரு பதில்தான் என்றார்.

"ஆர் வருவினமெண்டு தெரியாட்டில் நீங்களே ஒரு ஆளைத் தெரிவு செய்யுங்கோ. செய்துபோட்டு, முதல் வசனத்திலேயே அதைச் சொல்லிப்போடுங்கோ. பிறகு டொக்டர் இருந்தாலும் அந்த ஆளாத்தான் கேப்பார்."

யாரைத் தெரிவு செய்வது என்பதை அவள் அன்று வேலை முடிந்து வரும்போது கண்டுபிடித்துவிட்டாள். வைத்தியரும் இல்லை, தாதியும் இல்லை. பக்கத்து வீட்டு ஆள். வீட்டுக்காரர் செத்தவீட்டுக்குப் போகும்போது, ஒருக்கால் பார்த்துக்கொள்ளுங்கோ என்று சொல்லிவிட்டுப் போகிற அந்த ஆள். எங்கள் ஊரில் படுக்கையில் கிடக்கிறவர்களில் பாதிப் பேருக்குப் புண் தொடங்குவது அப்படியான ஒரு நாளில்தான். பக்கத்து வீட்டு ஆள் நல்லவர். தேத்தண்ணி கொடுப்பார், வேப்பங்குழையால் ஈ, இலையான் கலைப்பார், நோகுமே என்று ஆளை மட்டும் தொடமாட்டார்.

திரும்பப் பதிந்தோம். இம்முறை வீரம்மாவை விட்டோம். சும்மா இருந்தும் பேச வராது என்பதால் ஒரு நீளத் தலையணையைக் கட்டிலில் கிடத்தி, அதை உருட்டச் சொன்னேன். தலையணை பயப்படாது, அதற்குச் 'சரி' சொல்லத் தேவையில்லை. அப்படியும் முதல் தரம் இரண்டு 'சரி' விழுந்தது. அவளே சிரித்துவிட்டாள். உருட்டும் இடத்தில் மௌனத்துக்குப் பதிலாகக் கை என்ன செய்கிறது என்று சொல்லப் பழகினாள். இந்தக் கை, அந்தக் கை போய், உங்களுக்குக் கிட்ட உள்ள கை, தூர உள்ள கை என்றானது. பிரஷர் சோர் படுக்கைப் புண்ணானது. மூன்று பதிவு அனுப்பினாள். மூன்றுக்கும் மறுமொழி வந்தது, ஒவ்வொன்றும் முன்னதைவிடச் சின்னதாக. கடைசியில் வந்தது: வேகம் நல்லம், இனி அனுப்ப வேண்டாம், நித்திரை கொள்ளுங்கோ.

பேச வேண்டிய நாளில் நானும் கூடப் போனேன். யோகலிங்கம் சொன்னது போலவே நடந்தது. தலைமை அலுவலகத்து இருவர், நாலைந்து புதுப் பயிற்சிப் பிள்ளைகள், கணக்குப் பகுதியில் ஒருவர், வான் ஓட்டுகிற சுதாகரன். வெளியே நின்ற என்னையும் பிடித்துக் கடைசி வரிசையில் இருத்தினார்கள். சுரேகாவுக்கு முன்னால் வேலையிலிருந்து இளைப்பாறிய தாதி ஒருவர் பேசினார். தொற்று எப்படிப் பரவுகிறது என்று கேட்கக் கேட்க அறிவு வருகிற பேச்சு. நான் அன்று அதில் இரண்டு விசயம் புதிதாகப் படித்தேன்.

பிறகு சுரேகா எழும்பினாள். மேசையில் அவர்கள் தந்த தலையணையை வைத்தாள்.

"உங்கட பக்கத்து வீட்டுக்காரர் செத்தவீட்டுக்குப் போயிட்டினம். எழும்ப ஏலாத ஒரு ஆளை உங்களிட்ட விட்டிட்டுப் போயிருக்கினம். இண்டைக்குப் பின்னேரம் வரைக்கும் அவரை என்ன செய்ய வேணுமெண்டு நான் உங்களுக்குச் சொல்லப்போறன்."

வான்காரச் சுதாகரன் நிமிர்ந்து இருந்ததை நான் பின்னாலிருந்து கண்டேன்.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பக்கம் மாற்ற வேண்டும் என்றாள். இழுத்தால் தோல் உரியும், உருட்டினால் உரியாது. வாதம் வந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு விலகும். சிவந்த இடத்தை அமர்த்திப் பாருங்கள். விட்ட பிறகும் சிவப்பாகவே இருந்தால் அதுதான் புண்ணின் தொடக்கம், அந்த இடத்தைத் தேய்க்க வேண்டாம், அந்தப் பக்கம் படுக்க வைக்க வேண்டாம், வீட்டுக்காரர் வந்ததும் காட்டுங்கள். நடுவில் ஓரிடத்தில் பழைய ஓட்டம் பிடித்தது.  அவள் அதை உணர்ந்து, நின்று, ஒரு மூச்சு விட்டு, அந்தப் படியைத் திரும்பச் சொன்னாள். 'சரி' ஒன்று வந்தது. தலையணையைச் சாய்த்து முடித்த பிறகு. நான் அதைக் குறையாக நினைக்கவில்லை.

முடிந்ததும் கேள்வி கேட்டவர் சுதாகரன்தான். ஆள் பாரம் என்றால் ஒருவராக என்ன செய்வது என்றார். அவருடைய தகப்பன் படுக்கையில் இருக்கிறார் என்பது அங்கே வேலை செய்கிறவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை. சுரேகா மேசையைச் சுற்றி அவர் பக்கம் போய், ஆளுக்குக் கீழே, மடித்த சீலையொன்றை விரித்து எப்படி உருட்டுவது என்று காட்டினாள். ஏழு நிமிடம் எப்போதோ போய்விட்டது. தலைமை அலுவலகத்தார் நிறுத்தவில்லை.

பின்னேரமே முடிவைச் சொன்னார்கள். பாட வகுப்புக்கு அந்தத் தாதி, செய்முறைக்குச் சுரேகா. முதல் ஆறு மாதம் பார்த்து நிரந்தரமாக்குவார்கள். வரும் மாதம் தொடங்க வேண்டும். வெளியே வந்து செல்வராசாவுக்குச் சொன்னாள், பிறகு றிஸ்மியாவுக்கு எடுத்தாள். நான் காது கொடுக்கவில்லை, ஆனாலும் கேட்டது. நன்றி மிஸ் என்று தொடங்கினாள், அதற்கு மேல் சொல் வரவில்லை. பேசப் பழக்கியவருக்குப் பேசாமலே நன்றி சொன்ன ஆள் அவளாகத்தான் இருக்கும். றிஸ்மியா என்னோடும் கதைத்தார். யாருக்கென்று கேட்காமல் 'சரி'யைப் பிழை பிடித்தது தனக்கும் ஒரு பாடம், இனிப் பதிவு அனுப்புகிற பிள்ளைகளிடம் முதலில் அதைத்தான் கேட்பேன் என்றார். தெரியாததைத் தெரியாது என்று எழுதிவிட்டு, தெரிந்ததை ஒழுங்காகச் சொன்னீர்களே, அதுவே காணும், வேறொன்றும் வேண்டாம் என்றேன். எனக்கு அலங்காரமாகப் பேச வராது. ஆனால் அந்த மனுசியை நினைக்கும்போதெல்லாம் மனம் குளிர்கிறது.

அடுத்த நாள் காலையில் சுரேகாவுக்குப் பதிலாக வீரம்மாவைப் பார்க்க நான் போனேன். சுரேகா முதல் பஸ்ஸில் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போய், முதுகு காட்ட எடுத்து, வேலையை விட்டுப் போகாமலே வைத்திருந்த துண்டுச் சீட்டைக் கொடுத்து, கிளினிக் வரிசையில் இருந்தாள்.